அம்மா ஓடிபி சொல்ல மறுத்த ராத்திரி

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும், சித்தி மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. அறந்தாங்கியிலிருந்து சிங்கப்பூர் போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஷிப்யார்டில் வெல்டர் வேலை. "அண்ணே, மெயில் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். இது நீங்கதானான்னு எங்களால உறுதி பண்ண முடியலன்னு வருது" என்றான். வெல்டிங் சான்றிதழ், பாஸ்போர்ட் ஸ்கேன், பழைய கம்பெனியின் அனுபவக் கடிதம் எல்லாம் அந்த மெயிலில்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார்.

நான் சில வருடம் ஒரு நிறுவனத்தில் லாகின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். அதாவது, இப்படிப்பட்டவர்களை வெளியே நிறுத்தும் வேலையை நானும் செய்திருக்கிறேன். அதனால் குடும்பத்தில் யாருக்கு எந்தக் கணக்கு பூட்டிக்கொண்டாலும் போன் எனக்குத்தான் வரும். அன்றைக்கு அவன் சொல்லச் சொல்ல, எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதை எழுதி வைத்தால் விமானம் ஏறப்போகிற இன்னும் சிலருக்கு உதவும்.

முதலில் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு சரியா என்பது முதல் கேள்வி மட்டும்தான். ஏதோ ஒரு சின்ன தளத்திலிருந்து திருடுபோன பாஸ்வேர்டுப் பட்டியல்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நம்மில் பாதிப் பேர் அதே பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும் வைத்திருக்கிறோம். ஆகவே சரியான பாஸ்வேர்டோடு வருகிறவன் உரிமையாளர் என்று எந்தப் பெரிய சேவையும் இன்றைக்கு நம்புவதில்லை. கூடவே வேறு சில விஷயங்களைப் பார்க்கும். உங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரி எந்த நாட்டுக்கு, எந்த நெட்வொர்க்குக்கு ஒதுக்கப்பட்டது. இந்தப் போனிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ இதற்கு முன்னால் நீங்கள் வந்திருக்கிறீர்களா. கடைசியாக எங்கிருந்து, எப்போது வந்தீர்கள். இவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போடும். மதிப்பெண் கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கும். ரொம்பச் சந்தேகமாக இருந்தால் கதவைச் சாத்திவிடும்.

இதில் நாடு என்பது மிகவும் மலிவான துப்பு. ஐ.பி. முகவரியைப் பார்த்தால் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும், பெரும்பாலும் நாட்டளவில் சரியாகவும் இருக்கும் (ஊர் அளவில் சொதப்பும், சென்னையில் இருக்கிறவருக்கு மும்பை என்று காட்டுவது சாதாரணம்). பேஸ்புக் 2011 ஜனவரியில் இந்தச் சோதனையை விளக்கியபோது சொன்ன உதாரணம் இது: காலையில் கலிபோர்னியாவிலிருந்து நுழைந்த ஆள், சில மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து நுழைந்தால் சந்தேகப்பட வேண்டாமா? அப்போது அவர்கள் கேட்ட கேள்வி, நண்பர்களின் புகைப்படத்தைக் காட்டி இது யார் என்பது. இன்றைக்குப் பல நிறுவனங்களின் மென்பொருளில் 'சாத்தியமில்லாத பயணம்' என்றே ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு லாகின்களுக்கு இடையே உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்து, விமானத்தில் போனாலும் வந்து சேர முடியாத வேகம் வந்தால் மணியடிக்கும்.

ஆனால் இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். புது நாடு மட்டும் வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் அதே போனைப் பையில் போட்டுக்கொண்டு போனால், போய் இறங்கி வைஃபை போட்டதும் மெயில் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். போன் பழையது, முன்பு லாகின் ஆனபோது சேவை அதில் போட்டு வைத்த அடையாளச் சீட்டு பழையது, நாடு மட்டும்தான் புதிது. சிக்கல் எப்போது வருகிறது என்றால், புது நாடு, புதுப் போன், கைக்கு எட்டாத பழைய நம்பர் மூன்றும் ஒரே நாளில் சேரும்போது. வெளிநாடு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றையும் சேர்த்தேதான் செய்கிறார்கள்.

தம்பி செய்ததைப் பாருங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் பழைய போனை முழுக்க அழித்து, ரீசெட் செய்து, தங்கைக்குக் கொடுத்துவிட்டான். இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டான். பேங்க் மெசேஜ் வந்தால் அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று. சிங்கப்பூரில் முதல் ஞாயிறன்று புதுப் போன், புது சிம். டார்மிட்டரி வைஃபையில் மெயிலைத் திறக்கப் பார்த்தான். சேவையின் கண்ணில் இது எப்படித் தெரியும்? இதுவரை பார்த்தே இராத போன், பார்த்தே இராத நாடு, நூற்றுக்கணக்கான பேர் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் இருக்கும் இணைப்பு. சரி, உறுதிப்படுத்துங்கள் என்று பழைய போனுக்கு ஒரு 'ஆமாம், நான்தான்' பொத்தானை அனுப்பியது. அந்தப் போன்தான் அழிக்கப்பட்டுவிட்டதே. அடுத்து 47 என்று முடியும் நம்பருக்குக் குறுஞ்செய்தி. அந்த சிம் அறந்தாங்கியில், பீரோவுக்குள் ஒரு டப்பாவில். அடுத்து மீட்பு மெயில் முகவரி. அது பாலிடெக்னிக் படிக்கும்போது பிரவுசிங் சென்டர்காரர் போட்டுக்கொடுத்தது. அதன் பாஸ்வேர்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அறையில் இருந்த ஒருவர் யோசனை சொன்னார்: விபிஎன் போட்டு இந்தியாவிலிருந்து வருவது போலக் காட்டிவிடு. இவனும் ஓர் இலவச விபிஎன்னை இறக்கி, முதலில் நெதர்லாந்து, பிறகு அமெரிக்கா, கடைசியில்தான் இந்தியா என்று மாற்றி மாற்றி முயன்றிருக்கிறான். விபிஎன் தரும் முகவரி பெரும்பாலும் ஏதோ ஒரு டேட்டா சென்டருடையது. அது வீட்டு இணைப்பு இல்லை என்பது முகவரியிலேயே எழுதி ஒட்டாத குறையாகத் தெரியும், அந்த முகவரியிலிருந்து ஏற்கெனவே பல திருட்டு முயற்சிகளும் வந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் நாலு நாட்டிலிருந்து ஒரே கணக்கைத் தட்டுகிற ஆளை நானாக இருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

"இனிமே ஒரு தடவைகூட முயற்சி பண்ணாதே, கையை எடு" என்றேன். முதல் வைத்தியம் அதுதான். தோற்றுப்போன முயற்சி ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் பூட்டு நீளும்.

அடுத்து யோசித்தது, இவனைத் தெரிந்த பொருள் ஏதாவது ஊரில் மிச்சம் இருக்கிறதா என்பது. கூகிள் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது: கணக்கை மீட்கும்போது வழக்கமாகப் பயன்படுத்தும் கருவி, வழக்கமான பிரவுசர், வழக்கமான இடம் இவற்றிலிருந்து முயலுங்கள் என்று. மற்ற சேவைகளும் ஏறக்குறைய இப்படித்தான் எடைபோடுகின்றன. நல்ல வேளை, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவன் அண்ணனுடைய லேப்டாப்பில் பலமுறை மெயில் திறந்திருக்கிறான். அந்த லேப்டாப் அதே வீட்டில், அதே பிராட்பேண்டில் இருக்கிறது. பீரோவில் இருந்த சிம்முக்கு நான் இங்கிருந்து ரீசார்ஜ் செய்தேன்; சித்தி அதைத் தன் போனில் போட்டார். அண்ணன் வெளியூரில் கல்யாணத்தில் இருந்ததால், பக்கத்து வீட்டுப் பையன் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். சித்தி கூடத்தில், பையன் உள் அறையில். தம்பி சித்தியின் நம்பருக்கு சிங்கப்பூர் சிம்மிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, இப்ப ஒரு ஆறு நம்பர் வரும், சொல்லும்மா" என்கிறான்.

சித்தி சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கேடா. நீ யாரு பேசறது? நம்பர் புதுசா இருக்கு." குரல் அவன் குரல்தான், ஆனாலும் தினமும் டிவியில் பார்க்கிறாரே. கடைசியில் "சரி, நம்ம பழைய பசு மாட்டுப் பேரு என்ன சொல்லு" என்று கேட்டு, அவன் சொன்ன பிறகுதான் எண்ணைப் படித்தார். அதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது, இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புது நாட்டு நம்பரிலிருந்து வந்த ஆளிடம் சித்தி செய்ததும், அந்த மெயில் சேவை இத்தனை நாளாகச் செய்ததும் ஒன்றுதான். அவனுக்கு மாட்டுப் பேர் நினைவிருந்தது. மெயிலுக்குப் பதில் சொல்லத்தான் கையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பழைய லேப்டாப், பழைய இணைப்பு, பழைய நம்பர் மூன்றும் சேர்ந்ததும் கதவு திறந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றி, அவன் புதுப் போனிலும் நுழைய வைத்து முடிக்கும்போது அவனுக்கு மணி மூன்று. (நாமே கேட்டு வரவழைத்த ஓடிபியை வீட்டு ஆளிடம் கேட்பது வேறு. 'கணக்கைத் திறந்து தருகிறேன்' என்று முகநூலில் வருகிற அந்நியரிடம் சொல்வது வேறு. அப்படிக் கேட்கிற ஒவ்வொருவரும் திருடர்தான், இதில் விதிவிலக்கை நான் பார்த்ததே இல்லை.)

சுற்றுலா போகிறவர்களுக்கு இந்த அளவு கஷ்டம் வராது, ஆனால் அவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இந்திய சிம்மில் ரோமிங் டேட்டா போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் நின்றால், உங்கள் டேட்டா பொதுவாக இந்தியா வரை வந்துதான் இணையத்துக்குள் போகும். எனவே உங்கள் ஐ.பி. முகவரி இந்தியாவையே காட்டும். அதே நேரத்தில் லேப்டாப்பை ஹோட்டல் வைஃபையில் போட்டால் அது சிங்கப்பூர். ஒரு நிமிட இடைவெளியில் நீங்கள் இரண்டு நாட்டில் இருக்கிறீர்கள். இணையத்தில் மலிவாக வாங்கும் பயண இ-சிம்கள் இன்னும் வேடிக்கை. பாங்காக்கில் இறங்குவீர்கள், 'ஹாங்காங்கிலிருந்து புது லாகின்' என்று எச்சரிக்கை வரும். யாரோ நுழைந்துவிட்டான் என்று பதறி 'இது நான் இல்லை' என்று அழுத்திவிட்டால், உங்களையே நீங்கள் வெளியே தள்ளிக்கொள்கிறீர்கள். பொத்தானை அழுத்தும் முன் நேரத்தையும் கருவியின் பெயரையும் பாருங்கள். இரண்டும் உங்களுடையதாக இருந்து நாடு மட்டும் தப்பாக இருந்தால், அது இ-சிம்மின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மெயிலில் இருக்கும் இணைப்பைத் தொட வேண்டாம், அப்படியே போலி மெயிலும் வரும். செயலியைத் திறந்து பாதுகாப்புப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது, கிளம்பும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள் என்பதுதான். ஒரு மாதமா என்று கேட்பார்கள். காரணம், மாற்றத்துக்கே காத்திருப்புக் காலம் உண்டு. இந்தியாவில் சிம்மை மாற்றினால், சாதா சிம்மிலிருந்து இ-சிம்முக்குப் போனாலும்கூட, முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. சிம்மைத் திருடி மாற்றுகிறவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு. முதல் நாள் மாலை இ-சிம் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் திருச்சி விமான நிலையத்தில் ஓடிபிக்குக் காத்திருந்தால் வராது. மீட்பு நம்பரை மாற்றினால் கூகிள் ஏழு நாள் வரை பழைய நம்பருக்கே குறியீடு அனுப்பும் வாய்ப்பையும் வைத்திருக்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் நம்பர், மெயில் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் திருடனுக்காக வைத்த தாமதங்கள். அவசரத்தில் மாற்றுகிற உரிமையாளரும் அதில்தான் மாட்டுகிறார்.

ஆகவே போன் வாங்குவதானால் ஊரிலேயே வாங்கி, ஊர் இணைப்பில், ஊர் நம்பரோடு எல்லாவற்றிலும் ஒருமுறை நுழைந்து, ஒன்றிரண்டு வாரம் பயன்படுத்திவிட்டு எடுத்துப் போங்கள். பழைய போனை அழிக்காதீர்கள். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, லாகின் ஆன நிலையிலேயே, திரைப்பூட்டோடு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைஃபையில் போட்டு வையுங்கள். அங்கே மாட்டிக்கொண்டால், இங்கே 'ஆமாம்' என்று அழுத்த அது ஒன்று இருக்கும்.

சிம்மைப் பீரோவில் வைக்காதீர்கள், இரண்டு சிம் போடும் போனில் கூடவே கொண்டு போங்கள். வெளிநாட்டு ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே சேவையாக இயக்கிவிட்டு, போனில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வெளிநாட்டில் வந்து சேரும் குறுஞ்செய்திக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. தெரியாமல் ஓடும் டேட்டாதான் பில்லை ஏற்றும். ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் விடுபடக் கூடாது. டிராய் விதிப்படி 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 90 நாளை நம்பாதீர்கள்; திட்டம் முடிந்து சில நாளிலேயே குறுஞ்செய்தி வருவது நின்றுவிடலாம். நம்பர் போயே போய்விட்டால் பிற்பாடு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். உங்கள் மெயிலுக்கும் பேங்குக்கும் ஓடிபி அந்த முகம் தெரியாதவர் போனில் போய் விழும்.

குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் இருக்க இரண்டு வழி வையுங்கள். ஒன்று, ஆத்தென்டிகேட்டர் செயலி. 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் மாறும். சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். இதில் ஒரு பொறி உண்டு. அந்த எண் உருவாவது ஒரு ரகசியச் சாவியும் உலகப் பொது நேரமும் சேர்ந்து. எனக்குத் தெரிந்த ஒருவர் சிங்கப்பூரில் இறங்கியதும் போனில் நேர மண்டலத்தை மாற்றாமல், கடிகாரத்தை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். பார்க்க மணி சரி. ஆனால் போன் இன்னும் இந்திய மண்டலத்தில் இருப்பதாக நினைப்பதால் அதன் உலக நேரம் இரண்டரை மணி பிசகிவிட்டது. செயலி காட்டிய ஒவ்வொரு எண்ணும் தப்பு. இரண்டு நாள் அலைந்தார். நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானைத் தட்டியதும் சரியாயிற்று.

இன்னொன்று காகிதம். கூகிள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால், பாதுகாப்புப் பக்கத்தில் `Backup codes` என்று இருக்கும். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். எழுதி ஒரு தாளைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், இன்னொன்றை வீட்டில். போட்டோ எடுத்து அதே மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொண்ட புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். பூட்டிய பெட்டிக்குள் சாவி.

பேங்க் செயலி தனி ஜாதி. இந்திய பேங்க் செயலிகளும் யுபிஐயும் புதுப் போனில் போடும்போது, உங்கள் போனிலிருந்து பேங்குக்கு ஒரு குறுஞ்செய்தி வெளியே போகும். பதிவான சிம் இந்தப் போனில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வெளிநாட்டிலிருந்து அது போக ரோமிங்கும் வேண்டும், பேலன்ஸும் வேண்டும், அப்படியும் சில நேரம் போகாது. ஊரிலேயே பதிவு செய்த போனோடு போவதற்கு இது இன்னொரு காரணம். நீண்ட காலம் இருக்கப்போகிறீர்கள் என்றால் சேமிப்புக் கணக்கை எப்படியும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும், அப்போதே வெளிநாட்டு நம்பரையும் பதிவு செய்யக் கேளுங்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு வெளிநாட்டு நம்பரில் யுபிஐ பயன்படுத்த, அதை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு வழி திறந்தது. சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் எல்லாம் அதில் உண்டு. உங்கள் பேங்க் தருகிறதா என்று கிளையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

யாருமே யோசிக்காதது திரும்பி வரும் பயணத்தை. இரண்டு வருடம் அங்கே இருந்தால், மெயில் சேவையைப் பொறுத்தவரை உங்கள் ஊர் சிங்கப்பூர்தான். இதற்கிடையில் மீட்பு நம்பரையும் +65 நம்பராக மாற்றியிருப்பீர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊருக்குப் பரிசாக வாங்கிய புதுப் போனோடு வந்து இறங்குவீர்கள். மறுபடியும் அதே மூன்று. அங்குள்ள பேங்க்குகளில் புதுப் போனில், பணம் அனுப்புவதை உறுதிப்படுத்தும் டிஜிட்டல் டோக்கனை இயக்கக் குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்ற விதி 2022இலேயே வந்துவிட்டது. கடைசிச் சம்பளத்தை அனுப்புவதற்கு முதல் நாள் போன் மாற்றினால் விமான நிலையத்தில் உட்கார்ந்து கையைப் பிசைய வேண்டியதுதான்.

தம்பிக்கு அடுத்த தை மாதம் ஒப்பந்தம் முடிகிறது. போன வாரம் பேசும்போது, மீட்பு நம்பரை மறுபடி 47க்கு மாற்றிவிட்டானா என்று கேட்டேன். மாற்றிவிட்டானாம், பத்து எண்களில் மிச்சம் எட்டு இருக்கிறதாம். சித்தியிடம் ஒரு தாள் இருக்கிறது, சமையலறையில் கடுகு டப்பாவுக்கு அடியில். ஆனால் அதிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கச் சொன்னால் இன்னமும் முதலில் மாட்டின் பேரைத்தான் கேட்கிறார். போன முறை கன்றுக்குட்டியின் பேரையும் சேர்த்துக் கேட்டாராம்.